அடாப்டரின் கழுத்து

எனக்குக் கண் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது. இதைக் கேட்டதும் அச்சச்சோ என்று சப்புக்கொட்டுகிறவர்கள் இப்போதே கொட்டி முடித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்த சங்கதி அதைப் பற்றியதில்லை. ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு ஒயரைப் பற்றியது.

சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஒரு பள்ளியில் நான் வரலாறு நடத்துகிறேன். வீடு செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் தினமும் போய்த் தினமும் வருகிறேன். கணவர் செங்கல்பட்டிலேயே ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இயக்குபவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பிள்ளை இல்லை. அவரும் நானும்தான்.

போனில் என்ன எழுதியிருந்தாலும் அதைப் படித்துச் சொல்ல ஒரு குரல் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் கடிகாரம், தபால்காரர், வழிகாட்டி எல்லாம். எந்த ஊர் வந்தது, யார் கூப்பிடுகிறார்கள் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வரும். நான் ஒயர் வைத்த இயர்போனில்தான் கேட்பேன். ஒயர் இல்லாததில் விரல் தொட்டு ஒரு நொடி கழித்துத்தான் குரல் வரும். அந்த ஒரு நொடியில் என் விரல் திரையில் மூன்று இடம் தாண்டிவிடும். இந்தக் காலத்துப் போனில் இயர்போன் சொருக வட்டத் துளை கிடையாது. சார்ஜ் போடுகிற துளையில் ஒரு அடாப்டரைச் சொருகி, அதன் மறுமுனையில் இயர்போனைச் சொருக வேண்டும். அந்த அடாப்டர்தான் என் குடும்பத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மாடி ஏறினால் நெஞ்சை அடைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் பிழைப்பார், தள்ளிப்போட்டால் எப்போது வேண்டுமானாலும் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"டேபிள் மேல படுத்துட்டு எழுந்திரிக்கலேன்னா? இருக்கற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

"ஆபரேஷன் பண்ணாம விட்டா மட்டும் சாஸ்வதமா?" என்று கத்தினேன்.

"உன்னை ஒண்டியா விட்டுட்டு நானா போய் அங்க படுக்கணுமா? நீ எப்படி இருப்ப?"

பத்து நாள் இதே பேச்சு. நான் கத்துவேன், அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். கடைசியில் டாக்டர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கெடு வைத்தார். அன்றைக்கு வந்து சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் படுக்கையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

அடாப்டர் பேஜாரு பண்ண ஆரம்பித்ததும் அதே நாட்களில்தான்.

முதலில் அது ஸ்டாஃப் ரூமில் வேலையைக் காட்டியது. மேஜை மேல் வைத்திருந்த போன், இயர்போன் சொருகியிருக்கும்போதே, திடீரென்று வெளியே உரக்கப் பேசியது. என் வங்கிக் கணக்குச் செய்தியை அறை முழுக்க வாசித்தது. பாய்ந்து பிடித்தேன். கை பட்டதும் அடங்கிவிட்டது. ஒரு நாள் வகுப்பறையில் யாரும் தொடாமல் 'டொய்ங்' என்று மணி அடித்து, சொல்லுங்கள் என்பது போலக் காத்திருந்தது. யாருமில்லாத வகுப்பறையில் என் போன் எதையோ கேட்கத் தயாராகிவிட்டது என்றால் எனக்கு எப்படி இருக்கும்? பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள்தான் நான். ஆனாலும் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டேன்.

அதைவிட மோசமானது ஒன்று வீட்டில் நடந்தது. விளக்கு வைக்கிற நேரம். அவர் படுத்திருந்தார். நான் இயர்போனில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். வயலின் வந்தது. தபேலா வந்தது, ஆனால் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து. பாட வேண்டிய இடம் வந்தது. பாடுகிறவரைக் காணோம். அவர் நின்றிருந்த இடம் அப்படியே காலியாக இருந்தது. பாடினால் சுவரில் மோதித் திரும்புமே, அந்த எதிரொலி மட்டும் லேசாக அலைந்தது. பாட்டை மாற்றினேன். அதிலும் பாடகி இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. எல்லாப் பாட்டிலும் பாடுகிறவர்கள் மட்டும் எழுந்து போய்விட்டிருந்தார்கள். இயர்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அவர் படுத்திருந்த கட்டிலுக்குப் போய் அவர் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது.

"இன்னாடி?" என்றார்.

"ஒண்ணுமில்ல, கொசு" என்றேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எனக்குப் பழக்கமான செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். வாய் ஓயாது, கையும் ஓயாது. போனை வாங்கி அணைத்துவிட்டு, சார்ஜ் துளைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை விட்டுச் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார்.

"இன்னா டீச்சர் இது? செவப்பா வருது. ரத்தம் உறைஞ்ச மாரி கீது."

"இங்க குடுங்க" என்று அந்தக் குச்சியை வாங்கி முகர்ந்தேன். சந்தன வாசனை. அடச்சே! ஆயுத பூஜைக்கு ஸ்டாஃப் ரூமில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டர், மணி, பீரோ, பிரம்பு ஒன்றையும் விடவில்லை. என் போனையும் யாரோ புண்ணியவதி எடுத்து, அடிப்பக்கம் பார்த்துச் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமத்தையும் அப்பியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. நல்லெண்ணம்தான், வேறென்ன.

"அதான் ப்ளக் முழுசா உள்ள போவல. பாதியில நிக்குது. கொஞ்சம் ஆடினா அடாப்டரே இல்லன்னு போன் நெனச்சுக்கும், வெளிய ஸ்பீக்கர்ல பேசிடும். உப்புக்காத்து வேற. உள்ள பச்சையா களிம்பு பிடிச்சிகீது" என்றார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். காய்ந்ததும் போனை உயிர்ப்பித்து அடாப்டரைச் சொருகினார். டக்கென்று பிடித்தது. என் காதில் குரல் சுத்தமாக வந்தது. அப்பாடா என்றேன்.

"அப்பாடா எல்லாம் அப்புறம். பாட்டுல வாய்ஸ் வரலன்னீங்களே, அது வேற கேஸு" என்று அடாப்டரை விரலால் நீவினார். "இந்தாங்க, தொட்டுப் பாருங்க. இயர்போன் சொருகுற முனையாண்ட, கழுத்துல. மெத்துனு கீது பாருங்க."

தொட்டேன். வெளியே தோல் முழுசாகத்தான் இருந்தது. உள்ளே மட்டும் எலும்பு இல்லாதது போல ஓரிடம் துவண்டது. நான் பைக்குள்ளிருந்து போனை எடுக்கும்போதெல்லாம் ஒயரைப் பிடித்துத்தான் இழுப்பேன். வருஷக்கணக்கில் இழுத்த இழுப்பு.

அவர் பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு காதுக்கும் ஒயரு தனித்தனியா போவுது. திரும்பி வர்றது ஒரே ஒயரு, ரெண்டுக்கும் பொது. அது அறுந்துச்சுன்னா, ரெண்டு பக்கமும் ஒரே மாரி வர்ற சத்தம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். வித்தியாசமா கீறது மட்டும் மிஞ்சும். பாட்டுல பாடறவங்கள ரெண்டு பக்கமும் சமமா வச்சிருப்பாங்க. அதனால நடுவுல நிக்கிறவங்க காணாம போயிடுவாங்க."

"என் போன்ல படிக்கிற குரல்?"

"அதுவும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். சுத்தமா கேக்காது. ஆனா உள்ள சிப்பு நல்லா கீது, இயர்போன் மாட்டிகீதுன்னு போன் நெனச்சிகினு இருக்கும். அது பாட்டுக்குப் பேசிகினே இருக்கும். உங்களுக்குத்தான் வராது."

போன் ஸ்பீக்கரில் உளறினாலாவது தெரியும். இதில் எதுவும் தெரியாதே! பஸ்ஸில் வரும்போது குரல் எப்போதும் பேசிக்கொண்டிருக்காது. சொல்ல ஏதாவது இருந்தால்தான் பேசும். அது சொல்ல ஒன்றுமில்லாமல் சும்மா இருக்கிறதா, அல்லது சொல்லிச் சொல்லி எனக்கு வராமல் போகிறதா? எனக்கு இரண்டும் ஒரே அமைதிதான்.

"வேற குடுங்க" என்றேன்.

டப்பாவைக் குலுக்கினார். "கீறது எல்லாம் இதே சரக்கு. மட்டமான சிப்பு. ரெண்டு செகண்டு சத்தம் இல்லன்னா தூங்கிடும். மறுபடி முழிக்கறதுக்குள்ள முதல் எழுத்த முழுங்கிடும். நல்லதா வரவச்சுத் தரேன், நாலு நாள் ஆவும். அது வரைக்கும் இத வளைக்காதீங்க. முக்கியமா அழுத்திக் கட்டாதீங்க. மைக் ஒயரும் அந்தக் கழுத்து வழியாதான் போவுது. தொட்டுக்கிச்சுன்னா பட்டன அமுக்கின மாரி. அதான் தானா மணி அடிக்குது. போன் வந்தாகூட தானா எடுத்துடும்."

நன்றாகக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் காரியம், அந்தக் கழுத்தைக் குரல் வருகிற வாட்டத்தில் வளைத்து, போனோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியதுதான். நாலு நாள் வாயில்லாப் போனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கட்டினதும் கணீரென்று பேசியது. கடைக்காரருக்கு என்ன தெரியும், இருபது வருஷமாக ஒயரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான் என்று ஒரு திமிர்.

இனி, எனக்கு இருந்த ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்னை விடமாட்டார்கள். பிறவியிலேயேவா, கல்யாணம் ஆச்சா, யார் கட்டிக்கிட்டாங்க, அவருக்குத் தெரியுமா, தெரியாதா, ஐயையோ, அப்போ சோறு எப்படி, புடவை எப்படி, இருட்டில் எப்படி! ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் சொன்னேன். அப்புறம் சண்டை போட்டேன். ஒரு நாள் எரிச்சலில், "வீட்டுக்காரரு இல்ல. தவறிட்டாரு" என்றேன். அந்த அம்மாள் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். இறங்குகிற வரைக்கும் மூச்சு விடவில்லை. ஆஹா, இது நல்ல மருந்தாக இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் அவரைச் சாகடித்தேனோ, கணக்கில்லை. சொல்லிச் சொல்லிச் சாவுக்கு ஒரு உருவமே வந்துவிட்டது. நெஞ்சு வலி. தூக்கத்திலேயே. விடிகாலையில் கால் பட்டது, சில்லென்றிருந்தது.

நெஞ்சு வலிதான் என்று ஏன் சொன்னேன்? காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், விபத்து என்று சொல்லியிருக்கலாம். நிஜமாகவே அவருக்கு நெஞ்சடைத்த அன்று எனக்குக் கை கால் ஓடவில்லை. என் வாய்தான் போய் அதை அழைத்துக்கொண்டு வந்துவிட்டதோ? படித்தவள், பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறவள், என் நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறது என்று அழுதேன். இனிமேல் சாகும்வரை அந்தப் பொய்யைச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அந்த வியாழக்கிழமை நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அலுவலக நண்பர் கூட்டிப்போவார், முடியாதென்று சொல்லிவிட்டு வரப்போகிறேன், அதற்கு நீ எதற்கு என்றார். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று கெஞ்சிச் சத்தியம் வாங்கினேன். இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று.

பள்ளி விட்டு பஸ் ஏறினேன். மழை தூறி விட்டிருந்தது. ஜன்னல் வழியாகச் சவுக்குத் தோப்பின் இரைச்சல் வந்து, போய், வந்துகொண்டிருந்தது. பையை மடியில் வைத்து, போனை அதிர்வில் போட்டு, ஒரு காதில் இயர்போன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கடப்பாக்கத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன் என்றாள். கருவாட்டு வாசனை அடித்தது.

"இன்னாமா, கண்ணு சுத்தமா தெரியாதா?"

"தெரியாது."

"ஒண்டியாவா போற? வூட்டுக்காரரு இட்டாந்து வுட மாட்டாரா?"

பைக்குள் போன் ஒரே ஒரு முறை உறுமியது. அவர்தான் என்று துள்ளிப் பையைப் பிடித்தேன். உடனே நின்றுவிட்டது. கூப்பிட்டால் விடாமல் அதிருமே? காதில் குரல் எதுவும் சொல்லவில்லை. ஏதோ குப்பைச் செய்தி, சிப்பு தூங்கி அதை விழுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போய் முடியாதென்று சொல்லிவிடுவாரோ? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேக்கறேன்ல, வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

"இல்ல. செத்துட்டாரு" என்றேன்.

சத்தியம் அந்த நொடியில் எங்கே போயிற்றோ. வாய் தானாகத் திறந்து, பழகின பாதையில் நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் இந்தப் பெண் மற்றவர்களைப் போல வாயை மூடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ என் தாயே. எப்டிமா?"

"நெஞ்சு வலி. ரெண்டு வருஷம் ஆச்சு. தூக்கத்துலயே போயிட்டாரு. விடிகாலைல என் கால் அவர் கால் மேல பட்டுது. சில்லுனு இருந்துது. அப்பதான் தெரிஞ்சுது."

"கூட இருந்தும் தெரியலியா?"

"ராத்திரி பூரா பக்கத்துலதான் படுத்திருந்தேன். தெரியல."

சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எவளோ ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் விசும்பினாள். பிறகு கேட்டாள், "அதுக்கப்புறம் எப்டிமா ஒண்டியா கீற? பயமா இல்ல?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இதற்கு என்னிடம் தயார் பதில் இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

"முதல்ல கஷ்டமாதான் இருந்துது. அப்புறம் பழகிடுச்சு. காலைல எழுந்து ஒருத்திக்குக் காபி போட்டுக்கறேன். ஒருத்திக்குச் சமைக்கறேன். பஸ் ஏறி வரேன், போறேன். மாடி வீட்டுக்காரங்க இருக்காங்க. ஸ்கூல் இருக்கு. எனக்கு ஒரு குறையும் இல்ல. நல்லாதான் இருக்கேன்."

"தைரியசாலிமா நீ" என்றாள்.

"இல்லாம பின்ன" என்றேன்.

பஸ் வளைந்தது, மேடேறியது, கண்டக்டர் திருக்கழுக்குன்றம் என்று கத்தினார். அப்போதுதான் உறைத்தது. ஊர் வருவதற்கு முன்னாலேயே காதில் குரல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இயர்போனைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பைக்குள் கை விட்டு, ரப்பர் பேண்டை உருவி, அடாப்டரைப் பிடுங்கினேன்.

பிடுங்கியதும் போனிலிருந்து சத்தம் வந்தது. குரல் இல்லை. எங்கோ ஒரு நீளமான வராந்தா. சக்கரம் வைத்த கட்டில் ஒன்று கடகடவென்று போனது. யாரோ ஒரு பெண் யார் பெயரையோ கூப்பிட்டாள். காதில் வைத்தேன். மிக அருகில் ஒரு மூச்சு. அந்த மூச்சை எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

"ஹலோ" என்றேன்.

"பஸ்ஸு எங்க வந்துகினு இருக்கு?" என்றார் அவர்.

"திருக்கழுக்குன்றம்."

"சரி. டாக்டர் கூப்புடறாரு. வூட்டுக்கு வா."

வைத்துவிட்டார். கடைசி அழைப்பின் மேல் விரலை வைத்தேன். போன் அடங்கிய குரலில் படித்தது: வந்த அழைப்பு, பத்தொன்பது நிமிடம். நான் எடுக்கவே இல்லை. என் பைக்குள் அது தானாக எடுத்துக்கொண்டு, என் மடியில் உட்கார்ந்து, பத்தொன்பது நிமிடம் அவருக்கு அவருடைய சாவைச் சொல்லியிருக்கிறது.

"ஆம்பள கொரலு கேட்டுச்சே. யாருமா?" என்றாள் பக்கத்துப் பெண்.

"தெரிஞ்சவரு" என்றேன்.

அதற்கப்புறம் செங்கல்பட்டு வரை அவள் என்னோடு பேசவில்லை. கையையும் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ இல்லை, மின்விசிறி இல்லை. அவர் நாற்காலியில் இருக்கிறார் என்று தெரிந்தது, ஆனால் அசையவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

"நான் ஹலோ ஹலோன்னு கத்தினேன்" என்று ஆரம்பித்தார். கோபமில்லாத குரல். "உனக்கு விழல. என் கொரலு எனக்கே திரும்பி வந்துது, சன்னமா. ஏதோ குகைக்குள்ள நின்னு பேசற மாரி. சரி, ஒயரு புட்டுக்கிச்சுன்னு வைக்கப் போனேன். அப்ப நீ, செத்துட்டாருன்னு சொன்ன."

"ஐயோ, அது வந்து, பஸ்ல நச்சு பண்றாங்கன்னு..."

"யாரைச் சொல்றான்னு மொதல்ல புரியல. அப்புறம் நடுவுல அறுந்துச்சு. மறுபடி வந்துச்சு. காலு சில்லுனு இருந்துதுன்ன. என் கால நானே தொட்டுப் பார்த்துக்கிட்டேன் தெரியுமா. அந்த பெஞ்சுல உக்காந்துகினு."

நான் அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன் என்பதையும் சொல்லிவிட்டேன். என் வாயால்தான் உங்களுக்கு இது வந்தது, செருப்பால் அடியுங்கள் என்றேன். மனசாரச் சொன்னேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். "வாயால வந்தா, டாக்டரு எதுக்கு நான் குடிக்கிற பீடியப் பத்தி அவ்ளோ நேரம் கேட்டாரு? சும்மா இரு. அதுக்கு மேல ஒண்ணு சொன்னியே, அது முழுசா விழுந்துது. ஒரு எழுத்துகூட அறுவல. ஒருத்திக்குக் காபி போட்டுக்கறேன், பழகிடுச்சு, ஒரு குறையும் இல்லன்னு."

நான் அழுகையை நிறுத்தினேன்.

"என்கிட்ட நீ அப்படி ஒரு நாளும் பேசினதில்ல. நான் இருக்கும்போது எப்படிச் சொல்லுவ? நானில்லன்னு நெனச்சுகினு சொல்றதுதானே நெசம். இவ சமாளிச்சுடுவான்னு தோணிச்சு. பத்து நாளா நெஞ்சு மேல கெடந்த கல்லு எறங்கிடுச்சு. உள்ள போனேன். பெருவிரல் வைன்னு மையைக் கொண்டாந்தான் ஒருத்தன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்டா, பேனா குடுன்னேன். போட்டுட்டு வந்துட்டேன். திங்கக்கிழமை ஆபரேஷன்."

நான் வாயைத் திறந்தேன். அது பொய், நீங்கள் செத்தது மட்டும் பொய்யில்லை, அதற்கப்புறம் நான் நன்றாக இருந்தது அதைவிடப் பெரிய பொய். நீங்கள் இல்லாமல் எனக்கு ஒரு டம்ளர் காபி தொண்டையில் இறங்காது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் திங்கட்கிழமை படுக்க மாட்டார்.

"ஆமா. நான் சமாளிச்சுப்பேன்" என்றேன்.

"அதான" என்றார். ரேடியோவைப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள் அவர் என் கையைத் தேடிப் பிடித்தபோது கை சூடாக இருந்தது. பிழைத்துக்கொண்டார். இப்போது மாடி ஏறுகிறார், என்னோடு சண்டை போடுகிறார், சாப்பாட்டில் உப்பில்லை என்று கத்துகிறார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றி ஒரே பெருமை. "இவளுக்கு என்னங்க, நான் இல்லேன்னாலும் ஒரு குறையும் இல்லாம இருப்பா. நானே என் காதால கேட்டேன்" என்பார். அவர்கள் என் பக்கம் திரும்புவது எனக்குத் தெரியும். நான் ஆமாம் என்கிறேன். ஒவ்வொரு முறையும்.